வீட்டு மராமத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது?



நமது டிரஸ்டுக்கு வரும் கர்ழன் ஹஸனா மனுக்களில் கல்விக்கும் மருத்துவத்துக்கும் கேட்பவை வருடம் முழுக்க வரும். வீட்டு மராமத்துக்குக் கேட்பவை மட்டும் ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்த பிறகே வரும். "தளம் ஒழுகுகிறது, ஒரு லட்சம் கேட்கிறார் கொத்தனார்" என்று வருவார்கள். அவர்களில் பலர் மாதம் தவறாமல் பள்ளிக்கட்டணமும் மின்கட்டணமும் கட்டி, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்கிறவர்கள். சொந்த வீடும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு ரூபாய்கூட எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். டிரஸ்டால் கொடுக்க முடிவது கேட்டதில் ஒரு பகுதியைத்தான். மீதிக்கு வீட்டுப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. வட்டி என்றால் பதறி ஒதுங்கும் குடும்பங்களிலும், வருடக்கணக்கில் வட்டி கட்ட வைக்கும் வாசல் பெரும்பாலும் இந்த மொட்டை மாடிதான்.

வாடகை வீட்டில் இருப்பவர் மாதாமாதம் வாடகை கொடுக்கிறார். சொந்த வீட்டில் இருப்பவருக்கு அந்தச் செலவு இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் வீடு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு மாதாமாதம் யாரும் பில் அனுப்புவதில்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக வந்து நிற்கிறது. அதை மாதக் கணக்காக மாற்றிக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்குப் போடும் முறை

ஒரு நோட்டை எடுத்து, வீட்டில் என்றாவது ஒரு நாள் மொத்தமாக மாற்ற வேண்டிவரும் பொருட்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே விவரம் போதும். இன்றைக்கு அதை மாற்றினால் என்ன செலவாகும் என்பது ஒன்று. இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பது இன்னொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அந்தப் பொருளுக்கு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது வந்துவிடும்.

இதில் ஓர் இடத்தில்தான் கணக்குத் தவறும். எத்தனை வருடம் தாங்கும் என்று எழுதும்போது, பொருளின் முழு ஆயுளை எழுதிவிடுகிறார்கள். எழுத வேண்டியது மிச்சம் இருக்கும் ஆயுள். மொட்டை மாடியில் ஓடு பதித்தால் 15 வருடம் வரும் என்று வைத்துக்கொள்வோம். பதித்து 9 வருடம் ஆகிவிட்டது. இன்றைய விலை 96,000 ரூபாய். 15-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 6,400 என்று வரும். அப்படிச் சேர்த்தால், இன்னும் 6 வருடத்தில் ஓடு கெட்டுப்போகும்போது கையில் இருப்பது 38,400 ரூபாய்தான். கழிந்துபோன 9 வருடத்தில் எதுவும் சேர்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. 6-ஆல்தான் வகுக்க வேண்டும். வருடத்துக்கு 16,000 என்று வரும். பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையான எண் அதுதான்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். 800 சதுர அடியில் 22 வருடத்துக்கு முன் கட்டிய காங்கிரீட் வீடு. போர் தண்ணீர், நம் கடலோர ஊர்களில் இருப்பது போலக் கொஞ்சம் உப்பு. கீழே வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் வீட்டுக்கு உங்கள் கொத்தனாரும் பிளம்பரும் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடிக்கு மேலே சொன்ன 16,000. வீடு கட்டும்போது போட்ட இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட 45,000 ஆகும், இன்னும் 5 வருடம் ஓட்டலாம் என்கிறார் பிளம்பர். அதற்கு வருடத்துக்கு 9,000. போர் மோட்டார் வாங்கி 6 வருடம் ஆகிறது, இன்னும் 4 வருடம் எதிர்பார்க்கலாம், மோட்டாரும் இறக்கும் கூலியும் சேர்த்து 24,000. அதற்கு வருடத்துக்கு 6,000. ஃபிரிட்ஜ் 9 வருடப் பழசு, இன்னும் 3 வருடம், புதிது 24,000. அதற்கு 8,000. குழாய் வாஷர், தொட்டி கழுவுதல், மாடி சுத்தம் செய்தல் என்று சில்லறைச் செலவு வருடத்துக்கு 3,000. எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 42,000, அதாவது மாதம் 3,500 ரூபாய்.

விலை ஏறுமே என்று கேட்பீர்கள், ஏறும்தான். வருடத்துக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுவதாகக் கொண்டால், இன்று 96,000 கேட்கும் மாடி வேலை 6 வருடம் கழித்து 1,36,000-ஐத் தாண்டும். ஆனால் 3 வருடத்தில் ஃபிரிட்ஜ் வாங்கியபின் அதற்கு ஒதுக்கிய பங்கு விடுபடுகிறது. 4 வருடத்தில் மோட்டாரின் பங்கும் விடுபடுகிறது. "ஃபிரிட்ஜ் வாங்கியாயிற்று, இனி மாதம் குறைவாகப் போட்டால் போதும்" என்று நிறுத்திவிடாமல் அதே 3,500-ஐத் தொடர்ந்து போட்டால், விலை ஏற்றத்தின் பெரும்பகுதியை அது தாங்கிவிடும். 6 வருடக் கணக்கை ஏறிய விலையோடு எழுதிப் பார்த்தேன். 3,500-க்குப் பதில் 3,800 போட்டால் நான்கு வேலையும் கடன் இல்லாமல் முடிகிறது. மிச்சம் எதுவும் இல்லை, குறையும் இல்லை. இந்தக் கணக்கு ஆறு வருடத்துக்கு ஒரே எண்ணாக இருக்காது. வருடம் ஒரு முறை விலைகளைத் திருப்பி விசாரித்து, மிச்ச ஆயுளில் ஒன்றைக் குறைத்து, மீண்டும் வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே உண்டியல், பல உண்டியல் அல்ல

சில சகோதரிகள் மிகவும் ஒழுங்காக, ஃபிரிட்ஜுக்கு ஒரு டப்பா, மோட்டாருக்கு ஒரு டப்பா என்று வைப்பார்கள். எழுதுவதைத் தனித்தனியாக எழுதுங்கள், பணத்தை மட்டும் ஒன்றாக வையுங்கள். காரணம், வீட்டில் எது எப்போது கெடும் என்பது நாம் எழுதியபடி நடக்காது. மேலே சொன்ன வீட்டில் 6 வருடம் தாங்கும் என்று நினைத்த தளம் மூன்றாம் வருடக் கடைசியிலேயே ஒழுக ஆரம்பித்தால், தளத்துக்கென்று தனியாக வைத்த டப்பாவில் பாதிப் பணம்கூட இருக்காது. ஒன்றாக வைத்திருந்தால் அப்போது கையில் 1,27,000-க்கு மேல் இருக்கும். தள வேலைக்கு அன்றைய விலையில் சுமார் 1,14,000. வேலை முடிந்துவிடும். ஃபிரிட்ஜ் ஒரு வருடம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

இரண்டாம் வருட முடிவிலேயே ஒழுகினால் கையில் 85,000 இருக்கும், தேவை சுமார் 1,08,000. குறைவது 23,000. இந்தத் தொகையை நம் டிரஸ்டிலோ, தம்பி மச்சானிடமோ வட்டியில்லாமல் வாங்கி ஏழெட்டு மாதத்தில் திருப்பிவிடலாம். ஒரு லட்சம் கேட்டு வருபவரையும் 23,000 கேட்டு வருபவரையும் நிர்வாகக் குழு ஒரே மாதிரி பார்க்க முடியாது. கையில் இருக்கும் தொகை ஒன்றுதான், கேட்பவர் பலர்.

மாதம் 3,800 என்பது எல்லோருக்கும் முடியாது என்பது எனக்குத் தெரியும். முடியாதவர்கள் பட்டியலில் எதைக் கைவிடலாம் என்று பார்க்க வேண்டும், ஒதுக்குவதையே கைவிடக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டலாம். நம் வாப்பாமார் காலத்தில் அது இல்லாமலே குடும்பம் நடந்தது. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், ஏசி எல்லாம் இந்த வகைதான், அதனால்தான் அவற்றை மேலே உள்ள கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. தண்ணீர் ஏறாத வீட்டில் ஒரு வாரம் இருக்க முடியாது. ஒழுகும் தளத்தைத் தள்ளிப்போட்டால் செலவு அப்படியே நிற்காது, வளரும். ஆகவே தளம், மோட்டார் இரண்டுக்கு மட்டும் என்று ஆரம்பித்தால் இதே வீட்டுக்கு மாதம் சுமார் 1,850 ரூபாய். அதுவும் முடியாவிட்டால் 1,000 ரூபாயில் ஆரம்பியுங்கள், சம்பளம் கூடும்போது கூட்டிக்கொள்ளலாம்.

தளம் ஏன் முதலிடம்

காங்கிரீட் தளம் பல பத்து வருடம் நிற்கக்கூடியது. கெடுவது அதன் மேல் போட்ட சுருக்கியும் தட்டோடும்தான். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி, ஓடுகளுக்கு நடுவே இருக்கும் சிமெண்ட் இணைப்பு முதலில் விடுகிறது. அதன் வழியாக இறங்கும் தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்த கம்பி தன் கீழே இருக்கும் காரையைத் தள்ளி உதிர வைக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மேலே ஓடு மாற்றுவது மட்டும் போதாது. கீழே கெட்ட காரையை உடைத்தெடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மருந்து பூசி, மீண்டும் பூச வேண்டும். கம்பி மெலிந்துபோயிருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். மேலே மட்டும் முடிந்திருக்க வேண்டிய வேலை மேலும் கீழுமாக ஆகிவிடும்.

எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீட்டில் இருப்பவர்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கூரையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் விளிம்போடு ஈரக்கறை மட்டும் இருந்தால் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். நேர்கோடாகப் பழுப்பு நிறக் கீறல் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துடைப்பக் கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் காரை விட்டுவிட்டது. அந்த இடத்துக்கு நேர் கீழே குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். மேலே போய் ஓடுகளையும் அப்படியே தட்டிப் பாருங்கள். அங்கும் வெற்றுச் சத்தம் வந்தால் ஓடு தளத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் டப்பாவில் விற்கும் வாட்டர் ப்ரூஃப் பெயிண்டை மாடியில் அடித்துவிட்டு 'சரி செய்தாயிற்று' என்று இருந்துவிடுகிறோம். ஓடு கெட்டியாக இருந்து மயிரிழைக் கீறல் மட்டும் இருந்தால் அது சில வருடம் உதவும். ஓடு கிளம்பிய இடத்தில் அடித்தால் முதல் வெயிலில் ஓடு அசையும்போது பெயிண்டும் கிழியும். தட்டிப் பார்க்காமல் பெயிண்ட் வாங்காதீர்கள்.

தளத்தின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் மழை அல்ல, நாம்தான். மழைநீர் இறங்கும் குழாய் வாயில் இலையும் பிள்ளைகளின் பந்தும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இரண்டு நாள் மாடியில் நிற்கும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றை 'சின்னச் செடிதானே' என்று விட்டால் ஒரே வருடத்தில் வேர் விரிசலுக்குள் போய்விடும். விரல் நீளத்தில் இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும், மேலே வெட்டினால் திரும்பத் தளிர்க்கும். நிக்காஹ்வுக்குப் பந்தல் போடுகிறவர் ஓட்டைத் துளைத்து ஆணி அடிக்க அனுமதிக்காதீர்கள். மணல் மூட்டையில் கட்டச் சொல்லுங்கள். டிஷ் ஆண்டெனாவையும் தரையில் போல்ட் அடிக்காமல் கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் மாட்டச் சொல்லலாம். இவை எல்லாம் செலவே இல்லாதவை, ஆனால் மிச்ச ஆயுள் 6 வருடம் என்பது 8 ஆவதும் 3 ஆவதும் இவற்றில்தான் இருக்கிறது.

ஜகாத் கணக்கை ரமலானில் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மராமத்து நோட்டையும் அதே நாளில் எடுத்து விலைகளைத் திருத்தலாம், நல்ல பழக்கம்தான். ஆனால் மாடியைப் பார்ப்பதற்கு ஹிஜ்ரி மாதம் உதவாது. ரமலான் வருடத்தைச் சுற்றி வரும், வடகிழக்கு மழை அக்டோபரில்தான் வரும். ஆவணி முடிவதற்குள் மாடியைப் பார்த்துவிட வேண்டும். புரட்டாசியில் கொத்தனார் கிடைத்தாலும் மழை வேலையைக் கெடுக்கும்.

குழாயும் மோட்டாரும்

சுவரில் ஈரம் என்றால் எல்லோரும் மழையைத்தான் குறை சொல்வார்கள். கோடையிலும் அந்த ஈரம் காயாமல் இருந்தால் அது மழையல்ல, குழாய். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. இரவு இஷா தொழுதுவிட்டு வந்ததும் மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிடுங்கள், மோட்டாரைப் போடாதீர்கள். ஃபஜ்ருக்கு ஒளுச் செய்வதற்கு முன் போய்ப் பாருங்கள். கோட்டை விட்டு மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறை ஃபிளஷ் தொட்டியை. அதில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருந்து கோப்பையைப் பாருங்கள். மஞ்சள் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதுவும் இல்லை என்றால்தான் சுவருக்குள் பதித்த குழாயைத் தேட வேண்டும்.

இரும்புக் குழாய் போகும் காலம் நெருங்கிவிட்டதை அதுவே சொல்லும். காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கும். ஒரு குழாயில் மட்டும் வேகம் குறையும், மற்றவை சரியாக வரும். உள்ளே துரு கட்டி வழி குறுகிவிட்டது என்று அர்த்தம். உப்புத் தண்ணீரில் இது சீக்கிரம் வரும். மாற்றும்போது துண்டு துண்டாக மாற்றாமல் ஒரு குளியலறைக்கு முழுவதுமாக மாற்றிவிடுவது நல்லது. பழைய இரும்பில் புதிய பிளாஸ்டிக்கை இணைக்கும் இடம்தான் அடுத்துக் கசியும். புதிய குழாயை முடிந்த இடத்தில் சுவருக்கு வெளியே ஓட்டுங்கள். பார்வைக்கு அழகு கொஞ்சம் குறையும், அடுத்த தடவை டைல்ஸை உடைக்கும் செலவு இருக்காது. மாடியில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்து வைத்தால் சீக்கிரம் நொறுங்காது.

மோட்டாருக்கு, தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று மாதம் ஒரு முறை நோட்டில் எழுதுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கி நேரம் கூடுவது இயல்பு. மழை பெய்து போர் நிறைந்த பிறகும் நேரம் குறையவில்லை என்றால் மோட்டாரோ இறக்கிய குழாயோ தேய்ந்திருக்கிறது. அப்போதே மிச்ச ஆயுளை நோட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் திடீரென்று ஓடாவிட்டால், 'எரிந்துவிட்டது' என்று சொன்னதும் மேலே தூக்கச் சம்மதிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் கெப்பாசிட்டரை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாருக்கு முன்னால் கெடுவது பல தடவை அதுதான், விலையும் சில நூறு ரூபாய்தான்.

பணத்தை எங்கே வைப்பது

அலமாரியில் வைத்தால் அடுத்த கல்யாணத்தில் செலவாகிவிடும். பேங்கில் தனிக் கணக்கு வைத்து, சம்பளம் வந்த அன்றே அதற்கு மாற்றிவிடுவது நல்லது. ஏடிஎம் கார்டு வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. சேமிப்புக் கணக்கில் வட்டி வந்து சேர்ந்தால் அதை நோட்டில் சேர்க்காதீர்கள். தனியாக எடுத்து, நன்மையை எதிர்பார்க்காமல் தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுவதுதான் உலமாக்கள் காட்டும் வழி. தவணையில் வட்டி இல்லை என்று சொல்லிப் பொருள் கொடுக்கும் கடைகளில் பிராசசிங் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, ஹஜ்ரத்திடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெண்கள் தங்களுக்குள் போடும் கழிவு இல்லாத சீட்டு, எல்லோரும் சமமாகப் போட்டு எல்லோரும் சமமாக எடுப்பது, ஆகுமானது. ஏலச் சீட்டு அப்படியல்ல. ஆனால் கழிவில்லாத சீட்டிலும் உங்கள் முறை எட்டாவது மாதம் வந்தால், தளம் எட்டு மாதம் பொறுத்திருக்காது. பவுனாக வாங்கி வைப்பவர்கள், பல வருடம் கழித்து வரும் தள வேலைக்கு மட்டும் அப்படி வைக்கலாம். வாங்கும்போது செய்கூலியும் வரியும், விற்கும்போது கழிவும் போகும் என்பதால் ஓரிரு வருடத்தில் தேவைப்படும் மோட்டார் பணத்துக்கு அது பொருந்தாது.

குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வீட்டுக்காகச் சேர்த்த பணம் வீடாகிவிடாது, அது பணம்தான். உங்களிடம் உள்ள மற்ற பணத்தோடும் நகையோடும் சேர்ந்து நிஸாபை எட்டி வருடம் கழிந்தால் இதற்கும் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும் என்பதே பெரும்பாலான உலமாக்கள் சொல்வது. ஒரு லட்சம் சேர்ந்திருந்தால் 2,500 ரூபாய். மாதக் கணக்கில் இருநூறு ரூபாய் கூடும், அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பங்கு பிரிக்காத வீடு

வாப்பா மவுத்தாகி, சொத்து பிரிக்காமல் ஒரு மகன் மட்டும் குடியிருக்கும் வீடுகள் நம் தெருக்களில் நிறைய. அங்கேதான் மராமத்து அதிகம் நின்றுபோகிறது. குடியிருக்கும் தம்பி 'எல்லோருக்கும் பங்கு உள்ள வீட்டுக்கு நான் ஏன் ஒரு லட்சம் போட வேண்டும்' என்கிறார். கொடுத்தனுப்பிய சகோதரிகள் 'குடியிருப்பவர்தானே பார்க்க வேண்டும்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இடையில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

பாகப்பிரிவினை எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், மராமத்தை மட்டும் முன்பே பேசிவிடுங்கள். குழாய் வாஷர், பெயிண்ட், மோட்டார் போன்று புழங்குவதால் தேய்பவை குடியிருப்பவர் செலவு என்றும், தளமும் சுவரும் பங்கின்படி எல்லோருடைய செலவு என்றும் வைத்துக்கொண்ட குடும்பங்களில் சண்டை குறைவதைப் பார்த்திருக்கிறேன். சகோதரிகள் கையில் இப்போது பணம் இல்லாவிட்டால் தம்பியே செலவு செய்யலாம். ஆனால் வேலை ஆரம்பிப்பதற்கு முன், அந்தத் தொகை அன்பளிப்பா அல்லது பிரிக்கும்போது கழித்துக்கொள்ளும் கடனா என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, பில்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டால் பத்து வருடம் கழித்துப் பஞ்சாயத்தில், 'ஒரு லட்சம் போட்டேன்' என்பவருக்கும் 'சும்மா போட்டதுதானே' என்பவருக்கும் நடுவே ஜமாஅத் பெரியவர்களால் எதையும் தீர்மானிக்க முடிவதில்லை.

பணம் சேர்ந்து தள வேலை நடக்கும்போது, ஓடு பதித்து நன்றாக இறுகிய பிறகு வடிகுழாய் வாயை அடைத்து மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க நிறுத்திவிட்டுக் கீழே கூரையைப் பாருங்கள். கசிந்தால் அது அன்றே தெரிந்துவிடும், கொத்தனாரும் ஊரில் இருப்பார். ஆட்களின் நாள் கூலியை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தத் தொகையில் மட்டும் பத்தில் ஒரு பங்கை முதல் கனமழைக்குப் பிறகு தருவதாக, வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நல்ல கொத்தனார் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.